பதிவேடும் சாவிப் பலகையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த லாட்ஜ் காவலர் சிறுகதையை இரண்டு முறை படித்தேன். வேதாரண்யத்தில் ஒரு லாட்ஜில் பல ஆண்டுகள் வரவேற்பு மேசையில் இருந்தவன் நான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோதும் அங்குதான் இருந்தேன்.

புயலின் கண் கடக்கும் நேரத்தைக் கதாசிரியர் மிகச் சரியாகப் பிடித்திருக்கிறார். வடக்கிலிருந்து அடித்த காற்று சட்டென்று நின்றதும், முடிந்துவிட்டது என்று நினைத்து ஒரு விருந்தினர் தன் லாரியைப் பார்க்கக் கிளம்புகிறார். காவலர் கதவை மறித்து நிற்கிறார். சற்று நேரத்தில் தெற்கிலிருந்து காற்று திரும்ப அடிக்கிறது. அந்தப் பக்கத்தில் என் கை நடுங்கியது.

ஆனால் ஒன்றை ஏற்க முடியவில்லை. பாலித்தீன் உறையில் சுற்றிய பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் காவலர், விடியும்வரை அதை ஒரு முறைகூடத் திறக்கவில்லை. நாளை போலீஸ் கேட்டால் காட்ட வேண்டுமே என்பதே அவருடைய கவலை. அந்த இரவில் பதிவேட்டின் முதல் வேலை தலை எண்ணுவது அல்லவா? 'காலி செய்த நேரம்' கட்டம் எந்தெந்த வரிகளில் வெறுமையாக இருக்கிறதோ, அவர்களெல்லாம் நம் பொறுப்பில் இருப்பவர்கள்.

அதற்கும் பதிவேடு மட்டும் போதாது. கஜா இரவில் எங்கள் பதிவேட்டின்படி ஒன்பது அறைகளில் 21 பேர். எல்லோரையும் கீழே கூடத்தில் உட்காரவைத்து டார்ச் வெளிச்சத்தில் எண்ணினேன், 19 பேர்தான். பதற்றத்தில் சாவிப் பலகையைப் பார்த்தபோது ஆறாம் அறைச் சாவி ஆணியில் தொங்கியது. அப்படியானால் அவர்கள் வெளியே போயிருக்கிறார்கள், அறைக்குள் சிக்கவில்லை. பலகை சொல்வதைப் பதிவேடு சொல்லாது. கதையில் பலகையே இல்லை.

இன்னொரு குறையும் அன்று தெரிந்தது. ஆறாம் அறைக்கு எதிரே ஒரே ஒரு பெயர், பக்கத்தில் 'நபர்கள் 2'. கூட வந்தவரின் பெயர் எங்கும் இல்லை. யாரென்று சொல்லித் தேடுவது?

கடைசிக் காட்சியைப் பற்றி ஒரு சொல். மழை பட்டுப் பால்பாயிண்ட் எழுத்துகள் கரைந்து ஓடுவதாக எழுதியிருக்கிறார். அந்த மை எண்ணெய்ப் பசையுள்ளது, தண்ணீரில் அப்படிக் கரையாது. மைப்பேனா எழுத்தாக இருந்தால் கரையும். நனைந்த தாள்களை இழுத்துப் பிரிப்பதும் தவறு, கிழிந்துவிடும். இடையிடையே உறிஞ்சும் தாள் வைத்து, நிழலில் காற்றாட விட வேண்டும்.

ஆறாம் அறைக்காரர்கள் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் போன இடத்தில் காற்று வலுத்து, அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தார்களாம். முதலில் இரண்டாமவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேதாரண்யம்