‘வரம்பில்லா இணையம்’ என்று அச்சடித்தவன் எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் சிறிய அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா பேனர், கட்சிக் கூட்டப் பந்திங் எல்லாம் செய்கிறோம். சில மாதங்களுக்கு முன்பு ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் முகவர் பந்திங் அடிக்க வந்தார். தோட்டத்துப் பக்கம் கேபிள் இழுக்கவில்லை என்பதால் கூரையில் ஆன்டெனா வைத்து, கைப்பேசி கோபுரத்திலிருந்து இணையம் எடுக்கும் திட்டம் அது. மலாயில் இருந்ததை என்னையே தமிழில் போடச் சொன்னார். ‘வரம்பில்லா அதிவேக இணையம், 100 எம்பிபிஎஸ் வரை, மாதம் 79 வெள்ளி, மோடம் இலவசம்’ என்று போட்டேன். அடியில் நட்சத்திரக் குறியோடு ‘நியாயமான பயன்பாட்டுக் கொள்கைக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி. அதன் எழுத்து பச்சரிசி அளவுகூட இல்லை.

எங்கள் வரிசையில் குடியிருக்கும் அக்கா ஒருவர் அந்தப் பந்திங்கைப் பார்த்துத்தான் திட்டம் எடுத்தார். தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். பேத்தி இந்த வருடம் எஸ்.பி.எம். எழுதுகிறாள். ஆன்டெனா பொருத்த வந்தவர்கள் அன்றைக்கே 246 வெள்ளி கேட்டார்கள். இலவசம் என்றது மோடத்துக்கு மட்டும்தானாம். ஆன்டெனா பொருத்தும் கூலி 150. கேபிள் 15 மீட்டர் வரை சேர்த்தி, அதற்கு மேல் மீட்டருக்கு 3 வெள்ளி. கோபுரம் பின்வாசல் பக்கம், டிவி முன் அறையில், எனவே 27 மீட்டர் ஓடியது. அதற்கு 36 வெள்ளி. கூரை தாழ்வாக இருந்து செம்பனை மறைத்ததால் இரும்புக் கம்பம் ஒன்று, 60 வெள்ளி. எந்தச் செலவும் பொய்யில்லை, வேலை நடந்திருக்கிறது. ஆனால் இந்த மூன்றில் ஒன்றுகூடப் பந்திங்கில் இல்லை.

இருபது நாள் நன்றாக ஓடியது. இருபத்தோராம் நாள் பேத்தியின் கணிதப் பாடக் காணொளி சுற்றிக்கொண்டே நின்றது. மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள், அசையவில்லை. “தம்பி, நீதானே எழுதுன, வந்து பாரேன்” என்றார் அக்கா. போனேன்.

கைப்பேசியில் வேகச் சோதனை செய்தேன். காலை ஆறு மணிக்கு 1.9 எம்பிபிஎஸ், மதியம் 1.9, இரவு ஒன்பதுக்கும் 1.9. இதைப் பார்த்தவுடனே விஷயம் பிடிபட்டது. கோபுரத்தில் கூட்டம் அதிகமானால் வேகம் இரவில் விழும், விடியற்காலையில் எழும். வீட்டுச் சுவர்தான் தடுக்கிறது என்றால் மோடத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும், பின் அறையில் குறையும். எந்த நேரத்திலும் எந்த அறையிலும் ஒரே எண் வருகிறது என்றால், நிறுவனமே குழாயை இறுக்கிவிட்டது என்று பொருள். முகவரைக் கேட்டேன். “ஆமாண்ணே, 300 ஜிபி முடிஞ்சா 2 எம்பிபிஎஸ்தான். பில் தேதி வந்தா மறுபடியும் ஏறிடும்” என்றார். நான் அச்சடித்த ‘நியாயமான பயன்பாடு’ என்பதன் அர்த்தம் அதுதான்.

அந்த 300 ஜிபி எங்கே போனது? அக்கா வீட்டில் ஒரே டிவி. அதில் சாயங்காலம் தொடங்கி ஐந்து மணி நேரம் நாடகத் தொடர்களும் படங்களும் இணையத்தில் ஓடும். தெளிவான எச்டி படத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை போகும். ஐந்து மணி நேரத்துக்கு 15 ஜிபி. இருபது நாளில் 300. யாரும் அளவுக்கு மீறி எதுவும் செய்யவில்லை, ஒரு குடும்பம் சாதாரணமாக டிவி பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். டிவியில் படத்தின் தரத்தை ஒரு படி குறைத்து வைத்திருந்தால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபியோடு போயிருக்கும், மாதம் முழுக்கத் தாங்கியிருக்கும். 300 என்ற எண்ணை முன்பே சொல்லியிருந்தால் அதைச் செய்திருப்பார்கள். 2 எம்பிபிஎஸ்ஸில் 1 ஜிபி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாட்ஸாப் செய்தி போகும், தெளிவான படம் ஓடாது.

அக்கா சொன்ன ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. “நியாயமான பயன்பாடுன்னு போட்டிருந்துச்சு. கம்பெனி நம்மகிட்ட நியாயமா நடந்துக்கும்னு நெனச்சேன்” என்றார். சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்தேன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த வரி தமிழில் எதையுமே சொல்லவில்லை.

வேகத்திலும் இதே கதை. புது பில் தேதிக்கு மறுநாள் மீண்டும் சோதித்தேன். விடியற்காலையில் 62, இரவு ஒன்பது மணிக்கு 24. நூறு வரவே இல்லை. எங்கள் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் கோபுரத்தை மறைக்கின்றன, செம்பனை மட்டைகள் அலையை உறிஞ்சுகின்றன, இரவில் ஊரே ஒரே கோபுரத்தில் தொங்குகிறது. ‘100 வரை’ என்பதில் அந்த ‘வரை’யை நான் சின்னதாகத்தான் போட்டேன், முகவர் அப்படித்தான் கேட்டார். இரவில் கிடைக்கும் 24 எம்பிபிஎஸ் ஒரு வீட்டுக்குத் தாராளம். அதைச் சொல்லியே விற்கலாம்.

இப்போது அதே முகவர் இரண்டாம் முறை அடிக்க வந்திருக்கிறார். நான் இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்:

‘மாதம் 79 வெள்ளி, 6 விழுக்காடு சேவை வரியோடு 83.74. இந்த வட்டாரத்தில் இரவு நேர வேகம் 20 முதல் 30 எம்பிபிஎஸ், அதிகபட்சம் 100. மாதம் 300 ஜிபி வரை இந்த வேகம். அதற்கு மேல் அடுத்த பில் தேதி வரை 2 எம்பிபிஎஸ். அப்போது செய்தி அனுப்பலாம், தெளிவான படம் ஓடாது. மோடம் இலவசம். ஆன்டெனா பொருத்த 150 வெள்ளி. 15 மீட்டருக்கு மேல் கேபிள் மீட்டருக்கு 3 வெள்ளி. கம்பம் தேவைப்பட்டால் 60 வெள்ளி.’

இரவு வேகத்தை ஒரு வீட்டில் ஒரு நாள் மட்டும் பார்த்துப் போடக்கூடாது. பொருத்திய பத்து வீடுகளில் ஒரு வாரம் சோதித்து எண்ணைத் தாருங்கள், மாற்றிக்கொள்கிறேன் என்று முகவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இடம் போதாது என்றார். இரண்டடிக்கு ஐந்தடி பந்திங்கில் வைத்துக் காட்டினேன். பத்தடி தூரத்திலிருந்து படிக்க எழுத்து ஓர் அங்குல உயரம் வேண்டும் என்பது எங்கள் தொழில் கணக்கு. பாதி இடத்தை அடைத்துக்கொண்டு சிரிக்கும் குடும்பப் படத்தை எடுத்துவிட்டால், விலையும் வேகமும் 300 ஜிபியும் அந்த உயரத்திலேயே வருகின்றன, மற்றவை அரை அங்குலத்தில் கிட்ட வந்து படிக்கும்படி அமைகின்றன. நட்சத்திரக் குறி தேவைப்படவே இல்லை.

ஆசிரியர் அவர்களே, இதே மாதிரி வாசகங்கள் உங்கள் விளம்பரப் பக்கத்துக்கும் வருகின்றன, தமிழாக்கமும் பல நேரம் உங்கள் அலுவலகத்திலேயே நடக்கிறது. ‘நியாயமான பயன்பாடு’ என்று வந்தால் எத்தனை ஜிபி, அதற்குப் பிறகு எவ்வளவு வேகம் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். ‘இலவசம்’ என்று வந்தால் எது இலவசம், பொருத்தும் கூலி எவ்வளவு என்று கேளுங்கள். நானும் அந்தப் பழைய வரியை இனி அச்சடிக்கப் போவதில்லை என்று முகவரிடம் சொல்லிவிட்டேன். ஈப்போ அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று வரைவை வாங்கிப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
அச்சுக்கடைக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்