பேத்திக்கு இப்போதே கிளிப் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

பேத்தியின் பல் படங்களை நிதானமாகப் பார்த்தேன். 9 வயதிலேயே கிளிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பல் மருத்துவராகவே காலம் கழித்தவள் சொல்கிறேன், இப்போது வேண்டாம்.

முன்பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் உன்னை உறுத்துகிறது. அதற்குக் காரணம், இன்னும் வெளியே வராத கோரைப்பல். அது எலும்புக்குள் இருந்தபடி பக்கத்துப் பல்லின் வேரை அழுத்துகிறது. அதனால் பற்கள் விசிறிபோல் விரிந்து நிற்கின்றன. 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கும்போது சிறிய இடைவெளி பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். அவசரப்பட்டு இப்போதே இழுத்து மூடினால், பக்கத்துப் பல்லின் வேர் கோரைப்பல்லில் போய் இடித்துக் கரையக்கூடும்.

ஆனால் கோரைப்பல் சரியான வழியில் வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். அவளுக்கு 10 வயதானதும் கையைக் கழுவிக்கொண்டு, மேல் உதட்டைத் தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறைத் தடவிப் பார். இரண்டு பக்கமும் சிறு புடைப்பு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தட்டுப்பட்டால் எக்ஸ்ரே எடுக்கச் சொல். பல் அண்ணத்தின் பக்கம் திரும்பியிருந்தால், அந்தப் பால் பல்லை எடுத்துவிட்டாலே பல நேரம் அது வழிக்கு வந்துவிடும்.

மேல்பற்கள் எத்தியிருப்பது வேறு விஷயம். கீழ்த்தாடை பின்தங்கியிருப்பதால்தான் அப்படித் தெரிகிறது. கீழ்த்தாடையை முன்னே நிறுத்தி வைக்கும், கழற்றி மாட்டும் கிளிப் இதற்கு உண்டு. உடம்பு வேகமாக வளரும் பருவத்தில் போட்டால்தான் அது நன்றாக வேலை செய்யும். பெண் பிள்ளைகளுக்கு அந்த வேகம் மாதவிடாய் தொடங்குவதற்குச் சுமார் ஓராண்டு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடும். அதனால் வயதை மட்டும் நம்பாதே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவள் உயரத்தைக் குறித்து வை. உயரம் திடீரென்று ஏறத் தொடங்கினால் உடனே மருத்துவரிடம் போ. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்துப் பகுதி முதுகெலும்பின் வடிவத்தைப் பார்த்து, வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அவர் கணிப்பார். வளர்ச்சி நின்ற பிறகு போனால், பல்லைப் பிடுங்கி இடம் பண்ணுவது அல்லது தாடை அறுவை சிகிச்சை என்றுதான் பேச்சு வரும்.

சீக்கிரம் தொடங்க வேண்டிய பிள்ளைகளும் உண்டு. கடிக்கும்போது தாடை ஒரு பக்கம் நழுவி, மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுந்தால் காத்திருக்கக் கூடாது. அப்படியே விட்டால் தாடையும் கோணலாக வளர்ந்துவிடும். பேத்தியை மெல்லக் கடிக்கச் சொல்லி, முகவாய் நேராக நிற்கிறதா என்று கவனி.

பிள்ளை கீழே விழுந்தால் எத்திய பல் எளிதில் உடையும். அவள் விளையாடப் போகும்போது வாய்க்கவசம் போட்டு அனுப்பு. உயரத்தைக் குறித்தவுடன் எனக்கும் எழுது.

அன்புடன்,
அம்மா