வெள்ளணு எண்ணிக்கையை நம்பி அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள்

சிறு பிராணி மருத்துவமனைகளை நடத்திவரும் கால்நடை மருத்துவர்களுக்கு,

வணக்கம். கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களின் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் பயோமெட்ரா நோயில், எங்கள் அறுவை மேசைக்குக் காலம் கடந்து வருபவை பெரும்பாலும் மூடிய வகையைச் சேர்ந்தவையே. திறந்த வகையில் கருப்பை வாய் வழியே சீழோ இரத்தம் கலந்த கழிவோ வடிவதால் நாயை வளர்ப்பவரே சந்தேகப்பட்டு அழைத்து வந்துவிடுகிறார். மூடிய வகையில் அந்த அடையாளம் இல்லை. சீழ் முழுவதும் உள்ளேயே தேங்குகிறது. கிருமி நஞ்சு இரத்தத்தில் ஏறுகிறது. சில நேரங்களில் கருப்பை கிழிந்து சீழ் வயிற்றறைக்குள் கொட்டிவிடுகிறது.

அண்மையில் எங்களிடம் அனுப்பப்பட்ட எட்டு வயது லேப்ரடார் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். அது நிறையத் தண்ணீர் குடித்தது, அடிக்கடி சிறுநீர் கழித்தது, உணவைத் தொடவில்லை, இருமுறை வாந்தி எடுத்தது. கழிவு எதுவும் வடியவில்லை. உடல் வெப்பம் 38.8 டிகிரி செல்சியஸ், அதாவது இயல்பு. வெள்ளணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 14,200 என்று வந்தது. யூரியாவும் கிரியாட்டினினும் சற்றுக் கூடியிருந்ததால் சிறுநீரகக் கோளாறு என்று முதலில் கருதப்பட்டு, நுண்ணுயிர்க்கொல்லியோடு இரண்டு நாள் கவனித்துப் பார்க்க முடிவாயிற்று. மூன்றாம் நாள் எண்ணிக்கை 4,100 ஆக இறங்கியிருந்தது. எண்ணிக்கை ஏறவில்லையே என்று யாரேனும் நிம்மதி அடைந்திருந்தால், அதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது.

முதல் நாள் அறிக்கையிலேயே விடை இருந்தது. அந்த 14,200-இல் 22 விழுக்காடு, அதாவது 3,100-க்கும் மேற்பட்டவை, முதிராத பேண்ட் நியூட்ரோஃபில்கள். ஆரோக்கியமான நாயில் இவை பொதுவாக 300-ஐத் தாண்டுவதில்லை. செல்களில் நச்சு மாற்றங்களும் தெரிந்தன. கருப்பைக்குள் நியூட்ரோஃபில்கள் ஓயாமல் இழுக்கப்படும்போது எலும்பு மஜ்ஜை முதிராதவற்றையும் வெளியே தள்ளுகிறது. அதற்கும் ஈடுகொடுக்க முடியாத கட்டத்தில் மொத்த எண்ணிக்கை சரிகிறது. ஆகவே குறைந்த எண்ணிக்கையைச் செப்சிஸின் அறிகுறியாகவே கருத வேண்டும். எந்திரம் தரும் மொத்த எண்ணோடு நின்றுவிடாமல், ஸ்லைடில் ஒரு துளி இரத்தத்தைப் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும்.

இன்னொன்றையும் முதல் நாளிலேயே கேட்டிருக்கலாம்: நாய் கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது? ஆறு வாரங்களுக்கு முன் என்றார் வளர்ப்பவர். பருவம் முடிந்தபின் சில வாரங்கள் வரை மேலோங்கும் புரோஜெஸ்டிரான் கருப்பைச் சுரப்பிகளைத் தூண்டுகிறது, தசைச் சுருக்கத்தை அடக்குகிறது, கருப்பை வாயை மூடிவைக்கிறது. இந்தச் சூழலில்தான் இ.கோலை போன்ற கிருமிகள் பெருகுகின்றன. தாகமும்கூட பெரும்பாலும் அந்தக் கிருமியின் நஞ்சு சிறுநீரகத்தில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனின் வேலையைக் கெடுப்பதால் வருவதுதான். அல்ட்ராசவுண்டில் கருப்பைக் கொம்புகள் இரண்டும் திரவம் நிறைந்து வீங்கியிருந்தன. (இத்தகைய நாய்களில் சிறுநீர் மாதிரிக்காக வயிற்றின் வழியே ஊசி செலுத்தக் கூடாது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன், சீழ் நிறைந்த கருப்பையில் ஊசி படலாம்.)

அறுவை எப்போது என்பதில் இரு பக்கமும் தவறு நேர்கிறது. அதிர்ச்சி நிலையில் உள்ள நாயை உடனே மயக்கமருந்துக்கு உட்படுத்துவது ஆபத்து; உடல் தேறட்டும் என்று நாட்கணக்கில் காத்திருப்பது அதைவிட ஆபத்து, ஏனெனில் சீழ் உள்ளே இருக்கும்வரை முழுமையாகத் தேறாது. அந்த லேப்ரடாருக்கு நரம்பு வழித் திரவமும் நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுத்து, குளுக்கோஸையும் பொட்டாசியத்தையும் சரிசெய்து, இரத்த அழுத்தம் நிலைப்பட்டதும் நான்கு மணி நேரத்தில் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றினோம். மறுநாள் வெள்ளணுக்கள் 38,000-ஐ எட்டின. இழுத்துக்கொண்டிருந்த இடம் நீங்கியபின் மஜ்ஜையின் உற்பத்தி இரத்தத்திலேயே தங்குவதால் இப்படி ஏறுவதுண்டு. நாய் உண்டு, நடமாடி, காய்ச்சலின்றி இருந்தால் அந்த எண்ணைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

இனவிருத்திக்காகக் கருப்பையைக் காப்பாற்றக் கேட்பவர்களுக்கு அக்லெப்ரிஸ்டோன் போன்ற மருந்துகள் உண்டு. ஆனால் அவை நிலையாக உள்ள, இளம் வயது, திறந்த வகை நாய்களுக்கே பொருத்தமானவை. நோய் திரும்பவும் வரலாம். மூடிய வகையில் கருப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தனியாகக் கொடுத்தால் கருப்பை கிழியும் அபாயம் உண்டு.

எனவே என் வேண்டுகோள் இது: கருத்தடை செய்யப்படாத பெண் நாய் தாகத்தோடும் சோர்வோடும் வந்தால், கடைசிப் பருவத்தின் தேதியை வருகைப் பதிவிலேயே எழுதுங்கள், அது இரண்டு மாதங்களுக்குள் இருந்தால், கழிவு வடியாவிட்டாலும் இரத்த அறிக்கை இயல்பாகத் தோன்றினாலும் அன்றே அல்ட்ராசவுண்டு பாருங்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் அன்றே அனுப்பிவையுங்கள். ஏற்கெனவே கொடுத்த திரவத்தின் அளவையும் மருந்து கொடுத்த நேரத்தையும் தாளில் குறித்து அனுப்பினால், எங்கள் தரப்பில் ஒரு மணி நேரமாவது மிச்சமாகும்.

இப்படிக்கு,
கால்நடை அறுவை மருத்துவர் ஒருவர்