மறுபடியும் பணம் அனுப்பச் சொல்லி நீ எழுதிய மெசேஜ்

தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பினதைப் பார்த்தேன். "அண்ணே, இதை அப்படியே அனுப்பிடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். இன்னும் அனுப்பவில்லை என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் மாதிரி வாட்ஸப்பில் வியாபாரம் செய்கிற பலருக்கும் இது ஒரு நாள் வரும் என்பதால் பொதுவிலேயே வைக்கிறேன். நீ எழுதியிருந்தது இது:

> "மேடம், நீங்கள் பணத்தைத் தவறான யுபிஐ ஐடிக்கு அனுப்பிவிட்டீர்கள். எங்களுக்கு வரவில்லை. கீழே உள்ள ஐடிக்கு உடனே ரூ. 4,850 மீண்டும் அனுப்பவும். இன்று மாலைக்குள் வராவிட்டால் ஆர்டர் கேன்சல். ஸ்கிரீன்ஷாட் கட்டாயம்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் இடத்தில் இருந்து இதைப் படித்துப் பார். மூன்று புடவைக்கு 4,850 ரூபாய் அவர் கணக்கிலிருந்து போய்விட்டது. பச்சை டிக் விழுந்திருக்கிறது. அவரைப் பொறுத்தவரை பணம் கட்டியாயிற்று. மறுநாள் காலையில் "பணம் வரலை, இந்த ஐடிக்கு மறுபடி போடுங்க, சாயங்காலத்துக்குள்ள போடணும்" என்று ஒரு மெசேஜ் வருகிறது. ஏமாற்றுக்காரன் எழுதுவதும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். புது ஐடி, அவசரம், மிரட்டல், மூன்றும் உன் ஐந்து வரிக்குள் இருக்கின்றன. விவரமான ஆள் என்றால் உன்னை பிளாக் பண்ணுவார். விவரமில்லாதவர் பயந்துபோய்ப் பணம் போடுவார். அப்படிப் பயந்து போட்டவர் அடுத்த முறை உன்னிடம் வாங்க மாட்டார்.

மெசேஜைத் திருத்துவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. அதை நீ செய்யவில்லை. பணம் உண்மையிலேயே வேறு ஆளுக்குத்தான் போயிற்றா என்று பார்த்தாயா? நான் அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் ஐடி `@okaxis` என்று முடியும். அவர் போட்டிருப்பது அதே பெயர், ஆனால் `@oksbi`. அவ்வளவுதான் வித்தியாசம். @ குறிக்கு முன்னால் இருக்கிற பெயர் மட்டும் ஒன்றாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே பெயர் `@okaxis` என்பதில் உனக்கும், `@oksbi` என்பதில் எங்கேயோ இருக்கிற இன்னொருவருக்கும் இருக்கலாம். பின்னால் வருகிற அந்தத் துண்டும் சேர்ந்தால்தான் முகவரி முழுசாகும். ஸ்கிரீன்ஷாட்டில் பெற்றவர் பெயர் என்று இருப்பது உன் பெயரும் இல்லை, உன் கடைப் பெயரும் இல்லை.

அதோடு விடவில்லை. அதில் 12 இலக்க எண் ஒன்று இருக்கிறது, யுடிஆர் என்பார்களே, அது. அதே எண் அனுப்பியவர் வங்கிக் கணக்கிலும் பெற்றவர் வங்கிக் கணக்கிலும் பதிவாகும். உன் வங்கி ஸ்டேட்மெண்டில் அந்த எண்ணைத் தேடச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? உன் மனைவி பெயரில் இருக்கிற கணக்கிலும் பார்க்கச் சொன்னேன். இரண்டிலும் இல்லை. இப்போதுதான் "எங்களுக்கு வரவில்லை" என்று சொல்ல உனக்கு உரிமை வருகிறது. போனில் எஸ்எம்எஸ் வரவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்லக் கூடாது.

ஸ்கிரீன்ஷாட்டில் 'பெண்டிங்' என்றோ 'ஃபெயில்டு' என்றோ இருந்திருந்தால் மறுபடி அனுப்பச் சொல்லவே கூடாது. அவர் கணக்கில் கழிந்து, எதிர்க்கணக்கில் ஏறாமல் நடுவில் நிற்கிற பணம் தானாகத் திரும்ப வேண்டும். ரிசர்வ் வங்கி 2019-லேயே அதற்குக் கெடு வைத்திருக்கிறது. ஆளுக்கு ஆள் அனுப்பியதென்றால் மறுநாளுக்குள், கடைக்குக் கட்டியதென்றால் 5 நாளுக்குள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. அந்த நேரத்தில் நீ அவசரப்படுத்தினால் அவர் ஒரே புடவைக்கு இரண்டு தடவை கட்டுவார், அப்புறம் ரீஃபண்ட் பஞ்சாயத்து உன் தலையில் விழும். இங்கே அப்படி இல்லை. இது சக்ஸஸ் ஆன பணம், வேறு ஆள் கணக்கில் ஏறிவிட்டது. தானாகத் திரும்பாது.

இன்னொன்றும் பார்த்துவிட்டேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி. உன் பில்லில் ஐடி சரியாக இருக்கிறதா என்று. சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் படமாக இருக்கிறது. காப்பி பண்ண முடியாமல் அவர் பார்த்துப் பார்த்து டைப் அடித்திருக்கிறார். @ போட்டதும் ஆப் கீழே காட்டிய பட்டியலில் கை தவறி அடுத்ததைத் தொட்டிருப்பார். பில்லிலேயே தப்பாக இருந்திருந்தால் உன்னிடம் பேசுகிற பேச்சே வேறு. அப்போது "மறுபடி அனுப்புங்கள்" என்று கேட்க உனக்கு வாயே இருக்காது. புடவையை அனுப்பிவிட்டு, பணம் திரும்பி வரட்டும் என்று நீதான் காத்திருக்க வேண்டும். தப்பு அவருடையது என்றாலும் "தவறான ஐடிக்கு அனுப்பிவிட்டீர்கள்" என்று முதல் வரியிலேயே ஆரம்பிக்காதே. அவருக்கே தெரிந்த பிறகு ஒரு தடவை சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. பணம் எங்கே நிற்கிறது என்று சொல், போதும்.

முதலில் போன் பண்ணு. மெசேஜ் அதற்கப்புறம். போனில் சொன்னதை எழுத்தில் உறுதிசெய்வதாக மட்டும் அது இருக்கட்டும். பில்லில் எந்த நம்பர் இருக்கிறதோ அந்த நம்பரிலிருந்தே கூப்பிடு. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> "வணக்கம் மேடம். போனில் பேசியதுதான். நேற்று நீங்கள் கட்டிய ரூ. 4,850 எங்கள் இரண்டு கணக்கிலும் வரவில்லை. உங்கள் யுடிஆர் எண்ணை வைத்து வங்கி ஸ்டேட்மெண்டில் பார்த்துவிட்டோம். ஸ்கிரீன்ஷாட்டில் ஐடி `@oksbi` என்று முடிகிறது, எங்களுடையது `@okaxis`. அதனால் பணம் வேறு ஒருவர் கணக்கில் ஏறியிருக்கிறது.
>
> அந்தப் பணத்தைக் கேட்டு உங்களால்தான் புகார் கொடுக்க முடியும், எங்களால் முடியாது. இன்றே கொடுத்துவிடுங்கள். உங்கள் ஆப்பில் அந்தப் பேமெண்டைத் திறந்தால் உதவி அல்லது புகார் என்று இருக்கும். உங்கள் வங்கியிலும் சொல்லுங்கள். எங்கள் பக்கம் வரவில்லை என்பதற்கு ஏதாவது எழுதித் தர வேண்டுமானால் தருகிறோம்.
>
> உங்கள் மூன்று புடவையையும் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம். வேண்டாம் என்றாலும் சொல்லிவிடுங்கள், வருத்தமில்லை.
>
> மறுபடி அனுப்புவதாக இருந்தால், முதல் பில்லில் இருக்கிற அதே ஐடிதான், புது ஐடி எதுவும் இல்லை. முதலில் 1 ரூபாய் மட்டும் அனுப்புங்கள். திரையில் கடைப் பெயர் வராது, என் வங்கிக் கணக்கில் இருக்கிற முழுப் பெயர் வரும். வேறு பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். 1 ரூபாய் வந்ததும் நானே போன் பண்ணுகிறேன். அப்புறம் மீதி 4,849. சந்தேகம் இருந்தால் பில்லில் உள்ள நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்."

நீளமாக இருக்கிறது என்பாய். இருக்கட்டும். 4,850 ரூபாயை இரண்டாவது முறை எடுத்து வைக்கப்போகிறவர் நாலு வரி அதிகம் படிப்பார்.

ஒவ்வொன்றும் ஏன் என்று சொல்கிறேன். புகாரைப் பணம் கேட்பதற்கு முன்னால் வைத்தேன். நீ கேட்கிற காசைவிட, போன காசைப் பற்றித்தான் அவர் மனசு அடித்துக்கொண்டிருக்கும். அதைக் கவனித்தாய் என்று தெரிந்தால்தான் அடுத்ததைக் காது கொடுத்துக் கேட்பார். "திரும்பக் கிடைத்துவிடும்" என்று மட்டும் எழுதிவிடாதே. பெற்றவர் சம்மதிக்காமல் வங்கி அந்தக் கணக்கில் கை வைத்து எடுத்துத் தராது. நல்ல ஆளாக இருந்தால் இரண்டு நாளில் வரும், இல்லையென்றால் இழுக்கும். ஆப்பிலும் வங்கியிலும் சரிப்படவில்லை என்றால், யுபிஐயை நடத்துகிற என்பிசிஐ அமைப்பின் தளத்தில் யுபிஐ புகாருக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது, வேறு கணக்குக்குத் தவறுதலாக அனுப்பியது என்றே அதில் ஒரு வகை உண்டு. வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். இதையெல்லாம் மெசேஜில் கொட்டாதே, அவர் கேட்டால் சொல்.

பெயர் விஷயத்தை நீ மறந்தே போயிருந்தாய். உன்னுடையது சேவிங்ஸ் கணக்கு. பணம் போடுகிறவருக்குத் திரையில் உன் இனிஷியலோடு வங்கிப் பெயர்தான் தெரியும். கடைப் பெயரை எதிர்பார்த்த அம்மா அதைப் பார்த்து, "இது யாரு?" என்று மறுபடி நின்றுவிடுவார். அனுப்புகிறபோது "என் வங்கிக் கணக்கில் இருக்கிற முழுப் பெயர்" என்கிற இடத்தில் அந்தப் பெயரை எழுத்து பிசகாமல் எழுதிவிடு.

1 ரூபாய் யோசனையை உனக்காகச் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை கை சுட்டுக்கொண்டவர் 4,850-ஐ ஒரே அமுக்கில் அனுப்பப் பயப்படுவார், பயப்படவும் வேண்டும். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. 1 ரூபாய் வந்த உடனே போன் எடு. அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டால் அந்த அரை மணி நேரமும் அவருக்கு வயிற்றில் புளி கரைக்கும். அதற்கு நடுவில் வசதியாக இருக்கட்டும் என்று லிங்க்கோ புது க்யூஆரோ அனுப்பி வைக்காதே. "புது ஐடி எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டு அதை அனுப்பினால் நீ சொன்னதை நீயே கெடுத்துக்கொள்வாய்.

'கேன்சல்' என்பதை எடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை என்று போட்டேன். கெடு இருக்கத்தான் வேண்டும், ஸ்டாக் உன்னிடம் நிற்கிறது, எனக்குத் தெரியாதா. அதற்காகக் கழுத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. ஸ்கிரீன்ஷாட் கட்டாயம் என்பதையும் வெட்டினேன். பழைய ஸ்கிரீன்ஷாட்டில்தான் இவ்வளவும் தெரிந்தது, சரி. ஆனால் பணம் வந்ததா என்பதை உன் ஸ்டேட்மெண்ட்தான் சொல்லும். படத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

இனி பில் போடும்போது ஐடியைப் படத்துக்குள் வைக்காமல், தனி மெசேஜாக எழுத்தில் அனுப்பு. விரலால் அழுத்திப் பிடித்துக் காப்பி எடுத்துக்கொள்வார்கள். கீழேயே, "திரையில் வரும் பெயர்" என்று உன் வங்கிப் பெயரையும் போட்டுவிடு.

பத்தரை மணிக்கு மேல் கூப்பிடு, காலையில் வீட்டு வேலை இருக்கும் நேரம். அதற்கு முன்னால், எடுத்து வைத்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறோமே, அந்த மூன்று புடவையை நிஜமாகவே அலமாரியிலிருந்து எடுத்து அவர் பெயரை ஒட்டி வை.

அண்ணன்