இறப்புக் காரணம்: குறிப்பு சொல்லும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

நீங்கள் பதிவு செய்து அனுப்பும் இறப்புக் குறிப்பைக் கேட்டு, அதை இறப்புக் காரணச் சான்றிதழின் வரிசைக்கு மாற்றி, உங்கள் கையெழுத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. அதில் அடிக்கடி முட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைப் பற்றியே இந்த மடல்.

நீங்கள் நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் படிவமோ தலைகீழாகக் கேட்கிறது. முதல் பகுதியின் (அ) வரியில் உயிரை நேரடியாகப் பறித்த நோய், அதற்குக் கீழே அதை உண்டாக்கியது, அதற்கும் கீழே அதற்குக் காரணமானது என்று (ஈ) வரை இறங்கும். நிரப்பிய கடைசி வரியில் நிற்பதே அடிப்படைக் காரணம். சங்கிலியில் சேராமல், மரணத்துக்குத் துணைபோன நோய்கள் இரண்டாம் பகுதிக்குப் போகும்.

ஒரு மாதிரிக் குறிப்பை எடுத்துக்கொள்வோம்:

“எழுபத்திரண்டு வயது ஆண். பதினைந்து வருஷமா சுகர், பிரஷர். தொடை எலும்புக் கழுத்து முறிவு, இருபது நாளைக்கு முன்னாடி ஆபரேஷன். அப்புறம் படுக்கைதான். அஞ்சு நாளா இடது கால் வீக்கம், டாப்ளர்ல டிவிடி. இன்னிக்குத் திடீர்னு மூச்சுத்திணறல், சிடில பல்மனரி எம்பாலிசம். ரெண்டு மணி நேரத்துல கார்டியாக் அரெஸ்ட்.”

கடைசியாகச் சொன்னதே மேல் வரி என்று எடுத்தால் (அ) வரியில் கார்டியாக் அரெஸ்ட் உட்காரும். இதயம் நிற்பது எல்லா மரணத்திலும் உண்டு. அது இறக்கும் விதம், காரணம் அல்ல. முதலில் சொன்னதே அடிப்படை என்று எடுத்தால் சர்க்கரை நோய் கீழே போய் நிற்கும். காலில் கட்டிய இரத்தக்கட்டிக்கு இங்கே வழிவிட்டது முறிவும் படுக்கையும், சர்க்கரை அல்ல.

இந்தக் குறிப்பில் இன்னொன்று சொல்லாமலே விடப்பட்டிருக்கிறது: எலும்பு எப்படி முறிந்தது? அதைக் கேட்டு, “குளியலறையில் வழுக்கி விழுந்தார், இருபத்திரண்டு நாளாகிறது” என்று பதில் வந்த பிறகுதான் படிவம் நிறைகிறது.

(அ) பல்மனரி எம்பாலிசம் – 2 மணி நேரம்
(ஆ) இடது கால் ஆழ்சிரை இரத்தக்கட்டி – 5 நாள்
(இ) தொடை எலும்புக் கழுத்து முறிவு, அறுவை சிகிச்சை செய்யப்பட்டது – 22 நாள்
(ஈ) குளியலறையில் வழுக்கி விழுந்தது – 22 நாள்
இரண்டாம் பகுதி: சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் – 15 ஆண்டு

விழுந்ததை விட்டிருந்தால் அது எந்த வகை விபத்து என்பதே புள்ளிவிவரத்தில் பதிவாகியிருக்காது. மரணத்தின் வகை என்ற கட்டத்திலும் ‘நோய்’ என்று குறி விழுந்திருக்கக்கூடும், வரவேண்டியது ‘விபத்து’. பல நாடுகளில் இப்படிப்பட்ட மரணத்தை விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்காமல் சான்றிதழே கொடுக்க முடியாது. கடந்த நான்கு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்ததா என்று படிவம் தனியாகவும் கேட்கிறது. இங்கே ‘ஆம்’, தேதியும் காரணமும் வேண்டும்.

வரிசை தவறியிருந்தால் வலப்பக்கக் கால அளவே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். கீழே இறங்க இறங்க அது கூட வேண்டும், அல்லது சமமாக நிற்க வேண்டும். கீழ் வரியில் காலம் குறைந்தால் எங்கோ வரி மாறியிருக்கிறது, அல்லது எண்ணைத் தவறாகக் கேட்டிருக்கிறோம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் பதிவில் ஒன்றுபோலத்தான் ஒலிக்கின்றன. அதனால் ஆண்டுகளைச் சொல்லும்போது ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாகவும் ஒருமுறை சொல்லுங்கள். சரியான நாள் தெரியாவிட்டால் ‘சுமார்’ என்று சொல்லி ஒரு மதிப்பீடு தந்தாலும் போதும். வெற்றிடத்தை விட அது எவ்வளவோ மேல்.

குறிப்பின் முடிவில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டால் பாதிக் கேள்விகள் எழாது: “அடிப்படைக் காரணம் இது, இதிலிருந்து இது, அதிலிருந்து அது.” செப்சிஸ் என்றால் எங்கிருந்து கிளம்பியது, எந்தக் கிருமி என்பதும் அதே வாக்கியத்தில் வரட்டும். உறுதியாகத் தெரியாதபோது ‘அநேகமாக’ என்று தயங்காமல் சொல்லலாம், படிவத்தில் அதற்கு இடம் உண்டு. தட்டச்சில் அந்தச் சொல்லை நாங்கள் நீக்க மாட்டோம்.

ஒரு நோய் இன்னொன்றுக்குக் காரணம் என்று தீர்மானிக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. பதிவில் ‘பிறகு’ என்று மட்டும் இருந்தால் அதை ‘அதனால்’ என்று மாற்ற மாட்டோம். அந்த வரியைக் காலியாக விட்டு, ஓரத்தில் கேள்வி எழுதி, படிவத்தை உங்களுக்கே திருப்பி அனுப்புவோம். கையெழுத்துப் போடுமுன் அந்த ஓரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவ ஆவணப் பிரிவினர்