அவிநாசிக்கு ஏன் நீலகிரி எம்.பி.?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொகுதி மறுவரையறை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்கள் நிலைக்குமா குறையுமா என்பதோடு நின்றுவிட்டது. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் 39 அப்படியே இருந்தாலும் மாநிலத்துக்குள் கோடுகள் நகரத்தான் போகின்றன.

நான் அவிநாசிக்காரன். கலெக்டர் அலுவலகம் திருப்பூரில் இருக்கிறது, எம்.பி.யோ நீலகிரிக்கு. எங்கள் தறிக்கூடத்தில் வேலை செய்யும் ஒடிசாக்காரரின் மகன் இங்கேயே பள்ளியில் படிக்கிறான். தேர்தல் சுவரொட்டியை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நீலகிரி என்றால் ஊட்டிதானே மாமா, இங்கே எதற்கு ஒட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டான். பெரியவர்களே கேட்காத கேள்வி.

பதில் கணக்கில் இருக்கிறது. இப்போதுள்ள எல்லைகள் 2001 மக்கள்தொகையை வைத்து நீதிபதி குல்தீப் சிங் ஆணையம் வரைந்தவை. 2008-இல் நடைமுறைக்கு வந்தன. அப்போது தமிழ்நாட்டில் 6.24 கோடிப் பேர். 234 தொகுதிகளுக்கு வகுத்தால் தொகுதிக்குச் சராசரி 2.67 லட்சம். இதை மாவட்டந்தோறும் பொருத்திப் பாருங்கள். திருப்பூர் பிரியாத அன்றைய கோவை மாவட்டத்தில் 42.7 லட்சம் பேர், ஆகவே 16 தொகுதிகள். ஈரோட்டில் 25.8 லட்சம், 9.7 என்று வந்து பத்தானது. நீலகிரியில் 7.62 லட்சம்; 2.86 என்று வந்து மூன்றானது. ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள் வேண்டும். மலையில் மூன்றுதான் இருப்பதால் மீதி மூன்றுக்கு மேட்டுப்பாளையம், பவானிசாகர், அவிநாசி என்று சமவெளியில் இறங்க வேண்டியதாயிற்று.

இனிதான் சிக்கல். 2011 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை 7.35 லட்சமாகக் குறைந்துவிட்டது. தேயிலை விலை சரிந்த ஆண்டுகளில் பிழைப்புத் தேடிக் கீழே இறங்கியவர்களை நாங்களே பார்த்திருக்கிறோம். அதே சமயம் மாநிலச் சராசரி 3.08 லட்சமாக ஏறியது. வகுத்தால் நீலகிரிக்கு 2.4 வருகிறது. அதே விதியை அப்படியே வைத்தால் மலைக்கு இரண்டு எம்.எல்.ஏ.தான். எம்.பி. தொகுதியை நிரப்ப இன்னொரு சமவெளித் தொகுதியைச் சேர்க்க வேண்டியிருக்கும். இப்போதே வாக்காளர்களில் பெரும்பகுதி மலைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். பிறகு கூடலூர்க்காரரின் பட்டா பிரச்சினையை டெல்லியில் யார் பேசுவார்கள்? நில அமைப்பையும் போக்குவரத்து வசதியையும் பார்க்கச் சட்டம் சொல்கிறது. அதைச் சொல்லி வாதாட மலைக்காரர்களுக்கு இடமுண்டு. ஆனால் யாராவது எழுந்து சொன்னால்தான் உண்டு.

மறுபக்கம் கோவை. இன்றைய கோவை மாவட்டத்துக்கு 10 எம்.எல்.ஏ.க்கள். 2011 கணக்கில் 34.6 லட்சம் பேர், அதாவது 11 பேருக்கான ஆள்கணக்கு. மாவட்டத்துக்குள்ளும் சமமில்லை. 2021 தேர்தலில் கவுண்டம்பாளையத்தில் நாலரை லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள், வால்பாறையில் சுமார் இரண்டு லட்சம். துடியலூர் பக்கம் தோட்டங்கள் மனைகளாகி வீடுகள் எழுந்தன. தொகுதிக் கோடு மட்டும் 2008-இல் போட்ட இடத்திலேயே நிற்கிறது. அங்கே ஒரு வாக்குக்கு வால்பாறை வாக்கில் பாதி பலம்கூட இல்லை. இதற்காகத்தான் கோட்டை அவ்வப்போது திரும்பப் போட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொகுதி பிரிப்பது வாக்காளர் எண்ணிக்கையை வைத்தல்ல, மக்கள்தொகையை வைத்து. எங்கள் தறிக்கூடத்து ஒடிசாக்காரரும் அவர் மகனும் கணக்கெடுப்பில் இங்கே எண்ணப்படுவார்கள். ஆனால் அவருடைய வாக்கு ஊரில் இருக்கிறது, மகனுக்கு வயதில்லை. ஆக, திருப்பூர் வட்டாரத்துக்கு இடம் சேர்க்க இவர்கள் தலை உதவும், அந்த இடத்தில் யார் உட்காருவது என்பதில் இவர்களுக்குப் பேச்சில்லை. குறையென்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடமும் குடிநீரும் வாக்கில்லாதவர்களுக்கும் வேண்டுமல்லவா? ஆனால் கணக்கெடுப்பாளர் தறிக்கூடத்து விடுதிக் கதவைத் தட்டாமல் போனால் நஷ்டம் எங்கள் ஊருக்கும் சேர்த்துத்தான்.

வரைவு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கத் தேதி குறிப்பார்கள், பொது விசாரணையும் நடக்கும். இறுதி ஆணை வந்தபின் நீதிமன்றத்தில் மாற்றுவது மிகக் கடினம். வரைவு வரும் நாளில் கட்சித் தலைவர்களின் அறிக்கைகளுக்குச் சற்று இடம் குறைத்து, எங்கள் வட்டாரத்தில் எந்த வருவாய் கிராமம், எந்த பிர்கா எந்தத் தொகுதிக்குப் போகிறது என்ற பட்டியலைத் தாங்கள் முழுதாக அச்சிட வேண்டும். கோவைப் பதிப்பில் ஒரு பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அவிநாசி.