கண் மை டெஸ்டரைக் கண்ணில் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாண சீசனுக்கு மேக்கப் சாமான் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிறம், விலை பற்றியெல்லாம் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். நடுவில் "எதையும் கடையில் போட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள்" என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரு கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கிருமி என்றாலே அலறுகிற ஆள் இல்லை. தெருவோரப் பானிபூரி சாப்பிடுகிறவள்தான். ஆனால் போன மாதம் அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் சாமான் வாங்க ஒரு பெரிய கடைக்குப் போனபோது, எல்லோரும் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டர் தட்டைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒரு லிப்ஸ்டிக்கின் நுனி யார் உதட்டிலோ தேய்ந்து சாய்வாக இருந்தது. அதில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. மூடி முழுக்கப் பல நிறக் கைரேகை. கவுண்டரில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். "தினமும் துடைக்கிறோமே மேடம்" என்று ஒரு டிஷ்யூவை எடுத்து ஐந்து லிப்ஸ்டிக்கையும் வரிசையாகத் துடைத்துக் காட்டினாள். முதல் லிப்ஸ்டிக்கில் இருந்தது ஐந்தாவதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவளைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நான் இதைப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா மகள் கண் மை டெஸ்டரைத் திருகி, கீழ் இமையின் உள்விளிம்பில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டாள். ஆறாம் நாள் ஒரு கண் சிவந்தது, மறுநாள் இரண்டும். மெட்ராஸ் ஐ. வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு ஒட்டிக்கொண்டது. நிச்சயதார்த்தப் படங்களில் மூன்று பேர் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கிறார்கள்.

அந்தக் கடையின் மையால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவள் தினமும் பஸ்ஸில் போகிறவள், ஆபீசில் பத்துப் பேரோடு உட்காருகிறவள். தொற்றியதிலிருந்து கண் சிவக்கப் பொதுவாக 5 முதல் 12 நாள் ஆகும். நாள் கணக்கு பொருந்துகிறது, அவ்வளவுதான். ஆனால் அப்படித் தொற்றுவதற்கு எல்லா வழியும் அங்கே திறந்திருந்தது.

எல்லா டெஸ்டரும் ஒன்றல்ல. லிப்ஸ்டிக், பென்சில் போன்றவை மெழுகும் எண்ணெயும். தண்ணீர் இல்லாததால் பாக்டீரியா அதில் பெருகாது, ஆனால் ஒட்டிக்கொண்டு கொஞ்ச காலம் உயிரோடு கிடக்கும். மஸ்காரா, கிரீம், திரவ ஃபவுண்டேஷன் இவற்றில் தண்ணீர் உண்டு. கெடாமல் இருக்க மருந்து சேர்த்திருந்தாலும், அது ஒருவர் வீட்டில் பயன்படுத்துகிற அளவுக்குக் கணக்கிட்டது. நாளைக்கு நாற்பது விரல் உள்ளே போனால் தாங்காது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1989-ல் பெரிய கடைகளின் கவுண்டர்களில் எடுத்த மாதிரிகளில் 5 சதவீதத்துக்கு மேல் பூஞ்சையோ நோய்க்கிருமியோ மோசமான அளவில் இருந்தது. பழைய கணக்குதான். ஆனால் விரல் விட்டுப் பார்க்கிற பழக்கம் மாறவில்லையே.

கண் மை விஷயம்தான் இதில் மோசம். பெரும்பாலும் மெட்ராஸ் ஐக்குக் காரணமான அடினோ வைரஸ், காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் இருக்கக்கூடியது. கடைகளில் தெளிக்கிற ஆல்கஹாலுக்கு அது எளிதில் மசியாது. உதட்டில் கொப்புளம் போடுகிற அக்கி வைரஸ் அப்படி இல்லை. அதைச் சுற்றிக் கொழுப்புறை இருப்பதால் ஆல்கஹால் பட்டதும் சிதைந்துவிடும். அடினோவுக்கு அந்த உறை கிடையாது. ஆகவே "ஸ்ப்ரே அடிச்சிட்டோம், போடுங்க" என்பது உதட்டுக்கு ஓரளவு பொருந்தும், கண்ணுக்குப் பொருந்தாது. மரப் பென்சில் என்றால் நுனியைச் சீவித் தள்ளலாம். இப்போது விற்கிற மையில் பல திருகினால் வெளியே வருகிறவை, சீவ முடியாது. நாமோ அதை இமைக்கு மேலே இல்லாமல் ஈரமான உள்விளிம்பில் இழுக்கிறோம்.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது? மையின் கறுப்பும் வழவழப்பும் தெரிய மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு கோடு போதும். இரண்டு நிமிடம் கழித்து விரலால் தேய்த்தால் அப்புகிறதா என்பதும் தெரிந்துவிடும். லிப்ஸ்டிக்கைப் புறங்கையில் போட்டால் நிறம் ஏமாற்றும். விரல் நுனியின் சதைப்பகுதிதான் உதட்டு நிறத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும். அங்கே தடவி, கடை விளக்கை விட்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவும் வரை முகத்தைத் தொடாதீர்கள்.

உதட்டில் போட்டே தீரவேண்டும் என்றால், 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நுனியை நன்றாக நனைத்து, அரை நிமிடமாவது காத்திருந்து, புது டிஷ்யூவால் மேல் அடுக்கை வழித்தெடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு புதுக் குச்சியால் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் போடுங்கள். 99 சதவீதம் இன்னும் நல்லது என்று தோன்றும். அது சட்டென்று ஆவியாகிவிடும், வேலை செய்ய நேரம் இருக்காது. உதட்டில் வெடிப்போ புண்ணோ இருந்தால் இதுவும் வேண்டாம்.

கிரீமுக்கு இலவச சாம்பிள் பாக்கெட் கேட்டு வாங்குவதுதான் நல்லது. மூடியிருக்கிறதா, காலாவதி தேதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஜாடியிலிருந்து கவுண்டரில் வழித்துக் குட்டி டப்பாவில் போட்டுத் தருகிறார்களே, அது சாம்பிள் இல்லை, டெஸ்டரின் பிள்ளை. இன்னொன்று, கடையில் தடவி "எரியவில்லை, ஒத்துக்கொள்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அரிப்பும் தடிப்புமாகக் காட்டும். முழங்கை மடிப்பில் காசு அளவுக்கு, காலையும் மாலையும், ஒரு வாரம் தடவிப் பார்க்க இரண்டு மூன்று பாக்கெட் தாராளம். பிரித்த பாக்கெட்டை மடித்து வைத்து மறுவாரம் எடுக்க வேண்டாம்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஐஸ்கிரீம் குச்சி மாதிரி மரக்குச்சி ஒரு கட்டு, ஒரு குப்பைக்கூடை, ஒவ்வொரு டெஸ்டரிலும் திறந்த தேதி எழுதிய சிறு ஸ்டிக்கர். மஸ்காரா டெஸ்டரில் தூரிகையைக் கழற்றிவிடுங்கள். எங்கள் ஊர் அல்வாக் கடையில்கூட ருசி பார்க்கக் கேட்டால் கரண்டியால் எடுத்து இலைத்துண்டில் வைத்துத் தருகிறார்கள். கல்லாவில் இருக்கிற தட்டை நம் பக்கம் தள்ளி "நக்கிப் பாருங்க" என்று சொல்வதில்லை.

அடுத்த இதழில் அந்த வரியை "கையில் போட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள், கண்ணில் வேண்டாம்" என்று திருத்தி வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி